பூட்டு இருக்கும் ஸ்லைடில் சாவி வேண்டாம்: கலைச்சொல்லைத் தமிழாக்குவதும் ஒலிபெயர்ப்பதும்

ஆங்கிலத்தில் உள்ள ஒரு ஸ்லைடுத் தொகுப்பைத் தமிழில் வழங்க முற்படுகிறவர் பெரும்பாலும் முதலில் அகராதியைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, கண்ணில் பட்ட முதல் தமிழ்ச்சொல்லை அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு போகிறார். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல நல்ல சொற்களாகவே இருக்கும். ஒரே தொகுப்புக்குள் வந்து கூடும்போதுதான் அவை ஒன்றன் காலை ஒன்று மிதிக்கத் தொடங்குகின்றன. அதனால் ஒரு சொல்லைத் தமிழாக்குவதா, ஒலிபெயர்ப்பதா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண முடியாது. அதே தொகுப்பில் அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன். தரவுத்தளப் பரிவர்த்தனை எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய, ஏறத்தாழ இருபது ஸ்லைடுகள் கொண்ட ஓர் அறிமுக வகுப்பை நான் தமிழாக்கினேன். கேட்பவர்கள் தரவுத்தளத்துக்குப் புதியவர்கள். ஆனால் மறுநாளே கட்டளைகளைத் தாங்களாகத் தட்டச்சு செய்யப்போகிறவர்கள். இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. பொதுவாசகருக்கான உரை என்றால் பின்வரும் முடிவுகளில் சில மாறியிருக்கும்.

ஸ்லைடுக்குப் ‘படவில்லை’ என்ற சொல் உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்களுடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இங்கே ஸ்லைடு பேசுபொருள் அன்று, வெறும் கருவி. கருவியின் பெயரில் கேட்பவரின் கவனத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதால் ஸ்லைடு என்றே எழுதுகிறேன்.

பட்டியலிடுதல்

அகராதியைத் திறக்கும் முன், தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்து, கலைச்சொல் என்று தோன்றும் ஒவ்வொன்றையும் ஒரு விரிதாளில் எழுத வேண்டும். ஆங்கிலச் சொல், அது வரும் ஸ்லைடுகளின் எண், அது திரையில் தட்டச்சாகிறதா அல்லது திரையில் தோன்றுகிறதா, அதன் பொருள் ஒரு தமிழ் வாக்கியத்தில், பொருந்தக்கூடிய சொற்கள், முடிவும் அதற்கான காரணமும் என ஆறு நெடுவரிசைகள் போதும்.

பட்டியல் முடிந்ததும் முதல் வேலை அதைச் சுருக்குவது. ஆங்கிலத் தொகுப்பை எழுதியவர் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருப்பார். என் தொகுப்பில் அட்டவணையின் ஒரு வரிசையை ‘ரோ’ என்றும் ‘ரெக்கார்டு’ என்றும் ‘டியூபிள்’ என்றும் மூன்று பெயர்களால் குறித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் மூன்று இருப்பதாலேயே தமிழிலும் மூன்று வேண்டும் என்று நினைத்து வரிசை, பதிவு, மடங்கு என்று எழுதினால், கேட்பவர் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வார். மூன்றையும் ‘வரிசை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கினேன். இதனால் ‘பதிவு’ என்ற சொல் விடுபட்டு, வேறிடத்தில் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையும் கிடைத்தது.

திரையில் வருவனவற்றைப் பிரித்தல்

தொகுப்பின் மையமான ஸ்லைடு இது. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் கழிந்து மற்றொரு கணக்கில் சேர்கிறது.

```sql
BEGIN;
UPDATE accounts SET balance = balance - 500 WHERE id = 1;
UPDATE accounts SET balance = balance + 500 WHERE id = 2;
COMMIT;
```

இந்த நான்கு வரிகளில் எதையும் மொழிபெயர்க்கக் கூடாது என்பது வெளிப்படை. சிக்கல் அடுத்த வரியில் தொடங்குகிறது: கட்டளையைத் தொடாமல் விட்டாலும், அந்தக் கட்டளை செய்யும் வேலையைத் தமிழ் வாக்கியத்தில் எப்படிச் சொல்வது?

`COMMIT` என்பதற்கு ‘உறுதிசெய்’ என்ற சொல் பல பட்டியல்களில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பவர் கைப்பேசியில் அன்றாடம் பார்க்கிறார்; ‘இந்தத் தொகையை அனுப்ப விரும்புகிறீர்களா, உறுதிசெய்க’ என்று பயனரிடம் கேட்கப்படும் கேள்விக்கு உரிய சொல்லாகவே அது அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. ‘பரிவர்த்தனை உறுதிசெய்யப்பட்டது’ என்று ஸ்லைடில் எழுதினால், யாரோ ஒரு பொத்தானை அழுத்தியதாக அவர் புரிந்துகொள்வார். உண்மையில் நடப்பது வேறு: அதுவரை தற்காலிகமாக இருந்த மாற்றங்களைத் தரவுத்தளம் நிலையானவையாக ஏற்றுக்கொள்கிறது. எனவே ‘கமிட் செய்தல்’ என்று ஒலிபெயர்த்து, முதன்முறை வரும் ஸ்லைடில் ‘மாற்றங்களை நிலையாக்குவது’ என்ற விளக்கத்தைச் சேர்த்தேன்.

அதன் எதிர்ச்சொல்லான `ROLLBACK` கட்டளைக்கு நான் முதலில் ‘திரும்பப்பெறுதல்’ என்று வைத்திருந்தேன். எடுத்துக்காட்டே பணம் பற்றியது என்பதை மறந்துவிட்டேன். ‘500 ரூபாய் கழிக்கப்பட்ட பின் பரிவர்த்தனை திரும்பப்பெறப்படுகிறது’ என்ற வாக்கியத்தைப் படித்த நண்பர், பணம் அனுப்பியவருக்குத் திருப்பித் தரப்படுகிறதா என்று கேட்டார். ‘பின்வாங்குதல்’ என்பதும் சரிப்படாது. அது ஒருவர் தாமாகப் பின்னால் நகர்வதைக் குறிக்கிறதே தவிர, செய்ததை இல்லாமல் ஆக்குவதைக் குறிப்பதில்லை. கடைசியில் ‘ரோல்பேக்’ என்றே வைத்தேன். இதில் ஒரு நெறியும் உண்டு: ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இணைச்சொற்களில் ஒன்றைத் தமிழாக்கி மற்றொன்றை ஒலிபெயர்த்தால் அவை இணை என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும். கமிட் இருந்தால் ரோல்பேக்கும் இருக்கட்டும்.

அதே ஸ்லைடில் இன்னொரு மோதல். ‘பரிவர்த்தனை’ என்ற சொல் வங்கிக் குறுஞ்செய்திகளால் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதனாலேயே தரவுத்தளப் பொருளிலும் அதை ஏற்றுக்கொள்ள எவரும் தயங்குவதில்லை. ஆனால் எடுத்துக்காட்டும் வங்கிக் கணக்காக இருப்பதால், ‘இந்தப் பரிவர்த்தனை ஒரு பரிவர்த்தனைக்குள் நடக்கிறது’ என்ற விசித்திரமான வாக்கியம் வந்து நின்றது. சொல்லை மாற்ற வேண்டிய தேவையில்லை. எடுத்துக்காட்டில் உள்ள செயலைப் ‘பணப் பரிமாற்றம்’ என்று அழைத்து, பரிவர்த்தனை என்பதைத் தரவுத்தளத்துக்கு மட்டும் ஒதுக்கினால் போதும்.

பொருளை எழுதியபின் சொல்லைத் தேடுதல்

நான்காவது நெடுவரிசை, அதாவது பொருளை ஒரு தமிழ் வாக்கியத்தில் எழுதும் இடம், பலரும் நிரப்பாமல் விடும் இடம். அதை விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பரிவர்த்தனையின் நான்கு பண்புகள் நல்ல சான்று. ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து `ACID` என்று எழுதுவார்கள். அந்தத் தலைப்பை ‘அமிலப் பண்புகள்’ என்று மொழிபெயர்த்த ஸ்லைடு ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேதியியல் வகுப்புக்குள் தவறி நுழைந்தது போல் இருந்தது.

அந்த நான்கில் முதலாவது ‘அட்டாமிசிட்டி’. சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் ‘அணுத்தன்மை’ என்று முடியும். இப்போது பொருளை எழுதிப் பாருங்கள்: ‘பரிவர்த்தனையில் உள்ள செயல்கள் எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது ஒன்றும் நடக்காது, பாதியில் நிற்காது.’ இந்த வாக்கியத்தில் அணு எங்கேயும் இல்லை. இருப்பது பிரிக்க முடியாமை. பிரிக்க முடியாதது என்பதற்குத் தமிழ் படித்த எவரும் பள்ளியிலேயே அறிந்த ஒரு சொல் இருக்கிறது. இலக்கணத்தில் பகுபதம், பகாப்பதம் என்று படித்திருக்கிறோம். கணக்கில் பகா எண் என்று படித்திருக்கிறோம். அந்த அடியிலிருந்தே ‘பகாமை’ என்று ஆக்கினேன். அது பின்னால் ஏன் மாறியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது பண்பான ‘ஐசொலேஷன்’ என்பதற்கு அகராதி தரும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல், 2020க்குப் பின் தொற்றுநோயாளியைத் தனியறையில் வைப்பதையே எல்லோருக்கும் நினைவூட்டுகிறது. ‘ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றன் அரைகுறை மாற்றத்தை மற்றொன்று காணாமல் தனித்தனியாக இயங்குவது’ என்று பொருளை எழுதியபின், ‘தனித்தியங்கல்’ என்ற சொல் அந்த வாக்கியத்திலிருந்தே கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும் முரணின்மை, நிலைத்தல் என்று அதிகத் தொல்லை தராமல் அமைந்தன.

ஏற்கெனவே உள்ள சொற்களும் அவற்றின் மோதலும்

பொருளை எழுதிய பிறகே அகராதி. தமிழ்நாடு அரசின் சொற்குவை, தமிழ் விக்சனரி, பள்ளிக் கணினி அறிவியல் பாடநூல்களின் இறுதியில் உள்ள கலைச்சொற்கள் ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் வடிவங்கள் கிடைக்கும். பாடநூலில் உள்ள சொல் இளைய வயதினருக்குப் பழகியிருக்கும் என்பதால் வேறு குறை இல்லாதபோது அதற்கே முன்னுரிமை தருவது என் வழக்கம். கேட்பவர்களில் இலங்கைத் தமிழரும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இயற்பியலும் பௌதிகவியலும் ஒன்றே என்பது போன்ற வேறுபாடுகள் கணினிச் சொற்களிலும் உண்டு.

கிடைத்த சொற்களை எல்லாம் ஐந்தாவது நெடுவரிசையில் எழுதியபின், விரிதாளை அந்த நெடுவரிசையின் அகரவரிசைப்படி அடுக்குங்கள். ஒரே தமிழ்ச்சொல் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே நின்றால் உடனே கண்ணில் படும். இந்த ஒரு சோதனையே பாதிச் சிக்கலைக் காட்டிக்கொடுத்துவிடும். என் தாளில் ‘இணைப்பு’ இரண்டு இடங்களில் நின்றது: தரவுத்தளச் சேவையகத்தோடு தொடர்பு ஏற்படுத்துவது ஒன்று, இரண்டு அட்டவணைகளைச் சேர்ப்பது மற்றொன்று. முதலாவதைத் ‘தொடர்பு’ என்று மாற்றி, இரண்டாவதை மட்டும் ‘இணைப்பு’ என விட்டேன்.

தமிழ்ச்சொற்களுக்கு மட்டும் இப்படி மோதல் வரும் என்று நினைத்து, ‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் ஒலிபெயர்த்துவிடலாம்’ என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே அடுத்த வரிகள். தமிழ் எழுத்து வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டுவதில்லை. எனவே ஆங்கிலத்தில் காதுக்கே வேறாக ஒலிக்கும் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வரிசையைப் பிறர் மாற்றாமல் பிடித்து வைப்பதும் ‘லாக்’. நடந்த மாற்றங்களை எழுதிவைக்கும் கோப்பும் ‘லாக்’. மென்பொருளுக்குப் போடும் ஒட்டும் ‘பேட்ச்’. வேலைகளைத் தொகுதி தொகுதியாக ஓட்டுவதும் ‘பேட்ச்’. இவற்றுள் முதல் இணை என் தொகுப்பின் ஒரே ஸ்லைடில் இருந்தது. ‘லாக் எழுதப்பட்ட பின் லாக் விடுவிக்கப்படும்’ என்ற வாக்கியத்தை யாரால் புரிந்துகொள்ள முடியும்? இங்கே ‘பதிவேட்டில் எழுதியபின் பூட்டு விடுவிக்கப்படும்’ என்று தமிழாக்குவதைத் தவிர வேறு வழியில்லை, வாக்கியமும் அழகாகிவிட்டது.

இன்னும் வேடிக்கையானது நெடுவரிசையின் கதை. அதை ஒலிபெயர்த்தால் ‘காலம்’ என்று வரும். ‘அட்டவணையில் புதிய காலம் சேர்க்கவும்’ என்று எழுதினால் புத்தாண்டு வாழ்த்துப் போல இருக்கும். கணக்குப் பாடத்தில் அணிகளுக்கு வழங்கும் ‘நிரல்’ என்ற சொல்லை எடுக்கலாமா என்றால், நிரல் என்பது இன்று நிரலாக்கத்தால் வேறு பொருளுக்குப் போய்விட்டது. இந்த வகுப்பின் கேட்பவர்கள் நிரல் எழுதுபவர்கள். மீதமிருந்தது ‘நெடுவரிசை’. நீளமான சொல்தான், ஆனால் வரிசைக்கும் அதற்கும் உள்ள உறவு கேட்டவுடன் விளங்குகிறது.

அடுத்து ‘இண்டெக்ஸ்’. புத்தகத்தின் இறுதியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டும் பட்டியலுக்குச் சொல்லடைவு என்று பெயர். தரவுத்தளத்தில் அது செய்யும் வேலையும் அதுவே என்பதால் ‘அடைவு’ என்பது மிகப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கணினியில் கோப்புகளை வைக்கும் இடத்துக்கு அடைவு என்ற பெயர் முன்பே வழங்கிவிட்டது. ‘சுட்டி’ என்றால் மௌஸ்; ‘அட்டவணை’ என்றால் தரவுத்தளத்தின் அட்டவணையே. நல்ல சொற்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்ட நிலையில், `CREATE INDEX` என்று கேட்பவர் தம் கையால் தட்டச்சு செய்யப்போவதையும் எண்ணிப் பார்த்து, ‘இண்டெக்ஸ்’ என்றே வைத்தேன். தமிழ்ச்சொல் இல்லை என்பதற்காக ஒலிபெயர்க்கவில்லை. இருக்கும் தமிழ்ச்சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்த அறையில் வேறு பொருள் இருப்பதால் ஒலிபெயர்த்தேன்.

தலைப்பில் சொன்ன பூட்டும் சாவியும் இந்த வகையே, ஆனால் சற்று நுட்பமானது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் `PRIMARY KEY` என்பதற்கு ‘முதன்மைத் திறவுகோல்’ அல்லது ‘முதன்மைச் சாவி’ என்று எழுதுவது வழக்கம். தனியாகப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நான் லாக்கைப் ‘பூட்டு’ என்று ஆக்கிவிட்டேன். தமிழில் பூட்டும் சாவியும் ஒன்றைச் சொன்னால் மற்றது தானே நினைவுக்கு வரும் இணை. ‘முதன்மைச் சாவியைக் கொண்டு வரிசையைத் தேடி, அதன்மேல் பூட்டுப் போடுகிறது’ என்று படித்தவுடன், அந்தச் சாவிதான் இந்தப் பூட்டைத் திறக்கும் என்று எவருக்கும் தோன்றும்; உண்மையில் இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அகரவரிசைச் சோதனையில் இந்த மோதல் சிக்காது, ஏனெனில் சொற்கள் வெவ்வேறு. ஸ்லைடை வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும். பூட்டு பத்து ஸ்லைடுகளில் வருகிறது, சாவி மூன்றில்தான். எனவே ‘பிரைமரி கீ’ என்று ஒலிபெயர்ப்பை ஏற்றேன். வேறொரு தொகுப்பில், பூட்டு இல்லாத இடத்தில், முதன்மைத் திறவுகோலையே எழுதுவேன்.

புதிதாக ஆக்க வேண்டி வந்தால்

பூட்டைத் தேர்ந்தவுடன் ‘டெட்லாக்’ என்ன ஆவது என்ற கேள்வி எழுந்தது. முதல் பரிவர்த்தனை ஒன்றாம் வரிசையைப் பூட்டிக்கொண்டு இரண்டாம் வரிசைக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் பரிவர்த்தனை இரண்டாம் வரிசையைப் பூட்டிக்கொண்டு ஒன்றாம் வரிசைக்காகக் காத்திருக்கிறது. எதுவும் நகர முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இந்த நிலையைக் கண்டறிந்தால் ஏதேனும் ஒரு பரிவர்த்தனையைக் கைவிட்டு, திரையில் இப்படிச் சொல்லும்:

```
ERROR:  deadlock detected
```

திரையில் வரும் சொல் என்பதால் ஒலிபெயர்ப்புக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் லாக் என்பது பூட்டான பின் டெட்லாக் மட்டும் தனியே நின்றால், அது பூட்டால் விளைவது என்பதே மறைந்துவிடும். அகராதிகளில் உள்ள ‘முட்டுக்கட்டை’ நல்ல சொல். ஆனால் முட்டுக்கட்டையை ஒருவர் மற்றொருவருக்குப் போடுகிறார். இங்கே இருவரும் ஒருவருக்கொருவர் காத்து நிற்கிறார்கள், குற்றவாளி என்று ஒருவர் இல்லை. ‘பூட்டுச்சிக்கல்’ என்றால் பூட்டில் ஏதோ பிரச்சினை என்ற பொதுப்பொருளே தோன்றும். இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று பிடித்து இறுகும் படிமம் வேண்டும் என்பதால் ‘பூட்டுமுடிச்சு’ என்று ஆக்கினேன். சொல்லுடன் வினையும் சேர்ந்தே வந்தது அதன் நன்மை: முடிச்சு விழுகிறது, முடிச்சை அவிழ்க்க ஒரு பரிவர்த்தனையைக் கைவிட வேண்டியிருக்கிறது. புதுச்சொல் என்பதால், அது முதலில் வரும் ஸ்லைடிலேயே மேற்கண்ட பிழைச்செய்தியையும் காட்டி, திரையில் இந்தப் பெயரில் தோன்றும் என்று ஒரு வரி எழுதினேன்.

இருபது ஸ்லைடுகளில் நானே ஆக்கிய சொற்கள் இந்தப் பூட்டுமுடிச்சும் பகாமையும் மட்டுமே. புதுச்சொற்கள் இதைவிட அதிகமானால் கேட்பவர் தரவுத்தளத்தை விட்டுவிட்டு உங்கள் சொற்களைக் கற்கத் தொடங்கிவிடுவார்.

வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்த்தல்

எந்தச் சொல்லையும் எழுவாயாக மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ‘ஐ’, ‘இல்’ ஆகிய உருபுகளோடும், ‘செய்யப்பட்ட’ என்ற எச்சத்தோடும் சேர்த்து மூன்று வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். வினவு என்ற வினை இருப்பதால் வினவல், வினவிய, வினவப்பட்ட என்று எல்லா வடிவங்களும் இயல்பாக வருகின்றன. அதனால் ‘குவெரி’யைவிட ‘வினவல்’ வென்றது. ஒலிபெயர்த்த சொல் எப்போதும் ‘செய்’ என்ற துணைவினையைத் தேடும்: கமிட் செய்யப்பட்ட, ரோல்பேக் செய்யப்பட்ட. ஓரிரண்டு என்றால் பொறுக்கலாம்.

உருபு சேரும்போது சொல்லின் உருவமும் மாறும் என்பதை மறந்ததால் நான் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். முதல் வரைவில் ‘லாக்’ என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் பதிவேடு என்று மாற்ற, தேடி மாற்றும் வசதியை ஒரேயடியாக இயக்கிவிட்டேன். ‘லாக்கை’ என்பது ‘பதிவேடுகை’ ஆயிற்று. ‘லாக்கில்’ என்பது ‘பதிவேடுகில்’ ஆயிற்று. வர வேண்டியவை பதிவேட்டை, பதிவேட்டில் அல்லவா. அதோடு நிற்கவில்லை. பூட்டாக வேண்டிய லாக்குகளும் பதிவேடுகளாகிவிட்டன. அப்போது இன்னும் ஒலிபெயர்ப்பாகவே இருந்த டெட்லாக், ‘டெட்பதிவேடு’ என்று மாறி ஒரு ஸ்லைடின் தலைப்பில் பெரிய எழுத்தில் அமர்ந்திருந்தது. தமிழில் ஒட்டுமொத்த மாற்றம் ஆகாது. ஒவ்வொன்றாகக் காட்டி மாற்றும் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். சொல் மாறினால் முன்னால் வரும் வல்லெழுத்தும் மாறும். ‘பரிவர்த்தனை லாக்’ என்பது ‘பரிவர்த்தனைப் பதிவேடு’ ஆகிறது.

அந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மாற்றத்தைத் தரவுக்கோப்பில் எழுதுமுன் பதிவேட்டில் எழுதும் முறையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘முன்பதிவு’ என்று எழுதினால், கேட்பவர் தொடர்வண்டிப் பயணச்சீட்டை நினைப்பார். ‘முன்னெழுதும் பதிவேடு’ என்று பிரித்து எழுதித் தப்பித்தேன்.

ஒலிபெயர்ப்பின் எழுத்து

ஒலிபெயர்ப்பது என்று முடிவான சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இண்டெக்ஸ், இன்டெக்ஸ், இண்டக்ஸ் என்று மூன்று வகையில் எழுதப்பட்ட தொகுப்பில் தேடினால் மூன்றில் ஒரு பங்குதான் அகப்படும். ட, ர, ற பயன்பாட்டில் தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபடும். டொராண்டோ என்று நாம் எழுதும் நகரை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். இரண்டில் எது சரி என்ற வாதம் தேவையில்லை. ஒரு தொகுப்புக்குள் ஒரு வழக்கே இருந்தால் போதும்.

ஸ்லைடில் பொருத்துதலும் வாய்விட்டுப் படித்தலும்

தமிழ்ச்சொற்கள் ஆங்கிலத்தைவிட அகலமான இடம் கேட்கும். வரைபடத்தில் உள்ள சிறு பெட்டிக்குள் ‘பரிவர்த்தனைப் பதிவேடு’ நுழையாது. எழுத்தைச் சிறிதாக்காமல், பெட்டியை அகலமாக்குங்கள் அல்லது சொற்களுக்கு இடையே வரியை மடியுங்கள். மென்பொருள் தானாக மடித்தால் ஒரு சொல்லின் நடுவே வெட்டிவிடக்கூடும், அதைக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு சொல்லும் முதன்முறை வரும் ஸ்லைடில் மட்டும் அதன் ஆங்கில வடிவத்தை அடியில் சிறிய எழுத்தில் கொடுத்தேன். எல்லா ஸ்லைடிலும் கொடுத்தால் கேட்பவரின் கண் ஆங்கிலத்தையே தேடிப் போகும்.

இறுதிச் சோதனை காது. துறைக்கு வெளியே உள்ள ஒருவரை உட்காரவைத்து, திரையைக் காட்டாமல் உரையைப் படித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் அவர் கையை உயர்த்தி, பரிவர்த்தனைகளுக்குள் என்ன பகைமை என்று கேட்டார். நான் படித்தது ‘பகாமை’. தாளில் ஐயமற்றதாக இருந்த சொல், வேகமாகப் பேசும்போது பகைமையாகக் காதில் விழுந்திருக்கிறது. ‘பகாத்தன்மை’ என்று மாற்றினேன். ஓர் அசை கூடியது, ஐயம் போயிற்று.

வகுப்பு நடந்தபோது கேள்விகளில் எந்தச் சொற்கள் வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு நண்பர் ஒருவரிடம் கேட்டிருந்தேன். பூட்டு, வரிசை, பதிவேடு, கமிட் ஆகியவற்றை அவர்கள் தயங்காமல் கேள்விகளில் பயன்படுத்தினார்கள். ‘தனித்தியங்கல்’ என்பதை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. ‘அந்த மூன்றாவது பண்பு’ என்றே கேட்டார்கள். விரிதாளில் அந்தச் சொல்லின் எதிரே ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன்.